பதினேழு நாள் பல்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஸ்டீபனைக் கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து நான் வேறெதுவும் செய்ததில்லை என்பான். அவன் சொல்வது இருக்கட்டும், கம்பெனியிலும் எனக்கு அதற்குத்தான் சம்பளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் விளக்குகளுக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. ஒவ்வொரு மூடியையும் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வெள்ளைப் புள்ளி, குட்டிப் பள்ளம், மஞ்சள் கறை என்று எது தெரிந்தாலும் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும்.

போட்டதோடு விட மாட்டார்கள். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன குறை, எத்தனை மணிக்கு, எந்த மெஷின் என்று எழுதிக்கொண்டே வந்தால் கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். குறை என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் வேதம். பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன். என் மகள் எஸ்தரின் முன்பல்லுக்கு மட்டும் இன்றுவரை என்னால் நிரப்ப முடியவில்லை.

அவளுக்கு அப்போது இரண்டே கால் வயது. மார்ச் மாதம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். எங்கள் லைனில் முதலுதவிக்கு ஆள் வேண்டுமென்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டு நாள் பயிற்சி. டீ, சமோசா, ஒரு சர்டிபிகேட், கையில் மாட்டிக்கொள்ள பச்சைப் பட்டை. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் பிளாஸ்டிக் தாடை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மெஷின் கைப்பிடி அடித்துப் பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாதீர்கள், வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், பாலிலோ தண்ணீரிலோ அலசுங்கள், அரை மணி நேரத்துக்குள் குழியிலேயே திருப்பி வையுங்கள், பல் பிழைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டீபனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதற்கு வேலை வந்தது.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஆறு வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி சிமென்ட் திட்டு. சர்ச்சுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஸ்டீபன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். குழந்தை பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்து ஓடினாள். நான் வாசலிலிருந்தே பார்த்தேன். ஈரத்தில் கால் வழுக்கி, முகம் நேராகத் திட்டு விளிம்பில் மோதியது.

தூக்கியபோது வாய் முழுக்க ரத்தம். பயிற்சியில் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்ததுதான் எனக்கே ஆச்சரியம். மயக்கம் இல்லை, பலமாக அழுகிறாள், வாந்தி இல்லை, என் விரலைக் கண் பின்தொடர்கிறது. சுத்தமான துணியை வைத்து அழுத்தினேன். மேல் உதட்டில் சின்னக் கிழிசல். மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டில் இடது பக்கத்துப் பல் இல்லை. அது திட்டுக்குக் கீழே, வேரோடு, முழுசாகக் கிடந்தது.

“ஸ்டீபன், பால் பாக்கெட்டை எடுத்துனு வா!”

“பாலா? இப்ப இன்னாத்துக்குப் பாலு?”

“கேள்வி கேக்காத, எடுத்துனு வா!”

வேரைத் தொடாமல் பிடித்தேன். பாலில் அலசினேன். ஸ்டீபன் கால்களைப் பிடித்துக்கொள்ள, எதிர்வீட்டு நர்மதா அக்கா தலையைப் பிடித்துக்கொள்ள, பல்லை அந்தக் குழியில் வைத்து அழுத்தினேன். கம்பெனியில் மூடியைப் பொருத்தினால் டக்கென்று உட்காரும். அதே மாதிரி உட்காரும் என்று எதிர்பார்த்தேன். உட்காரவில்லை. கட்டைவிரலால் இன்னும் அழுத்தினேன். எஸ்தர் போட்ட சத்தத்தில் ஆறு வீடும் வெளியே வந்துவிட்டது. பக்கத்துப் பல்லின் பாதி உயரத்துக்கு உள்ளே போய், ஒருவழியாக நின்றது. ரத்தமும் நின்றது.

“அடி ஆத்தா, நீ டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியவ” என்றாள் நர்மதா அக்கா. ஸ்டீபன் அன்று மதியம் அவன் அம்மாவுக்கு, என் அண்ணன் எட்வர்டுக்கு, அவனோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நண்பர்களுக்கு என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னான். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். இல்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் காலையில் நான் லீவு போட்டேன். ஸ்டீபனுக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் அவனும் வந்தான். பஜாரில் மொபைல் கடைக்கு மேலே டாக்டர் காயத்ரியின் பல் கிளினிக். முப்பத்தைந்து வயது இருக்கும், சத்தம் போட்டுப் பேசாத பெண். குழந்தையை நாற்காலியில் போடவில்லை. என்னை எதிரே உட்காரச் சொல்லி, என் முட்டியும் அவர் முட்டியும் இடிக்கிற மாதிரி நெருங்கி, எஸ்தரை எங்கள் இருவர் மடியிலும் படுக்க வைத்தார். அவள் கால் என் இடுப்பைச் சுற்றி, தலை டாக்டர் மடியில். ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது, எங்கே, மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாளா, தடுப்பூசியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். பச்சைப் பட்டை கட்டினவள் ஆயிற்றே.

பிறகு கேட்டார். “அடி பட்டப்போ பல்லு உள்ள போச்சா, இல்ல வெளில வந்து விழுந்துடுச்சா? ஏன் கேக்குறேன்னா, விழுந்த பால் பல்லைத் திருப்பி வைக்கவே கூடாது. பெரியவங்க பல்லைத்தான் வைக்கணும். பால் பல்லுக்கு மேல எலும்புக்குள்ள நிரந்தரப் பல்லு உருவாகிட்டிருக்கும். வேரை வெச்சு அழுத்தினா அதைப் போய் இடிக்கும். சில பேரு ஆசையா வெச்சுட்டு வந்துடுறாங்க.”

“உள்ள போச்சு மேடம்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. சூடான பாத்திரத்திலிருந்து கை விலகுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்டீபன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

டாக்டர் கையுறை விரலால் பல்லைத் தொட்டார். புருவத்தைச் சுருக்கினார். “உள்ள போன பல்லு பொதுவா இறுகி நிக்கும். இது கொஞ்சம் ஆடுதே. நல்லா ஞாபகம் இருக்கா?”

“நான் பக்கத்துலதான் இருந்தேன் மேடம். உள்ளதான் போச்சு.”

எக்ஸ்ரே எடுத்தார். கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். பால் பல்லின் வேர் முனைக்கு மேலே, எலும்புக்குள், குட்டித் தொப்பி மாதிரி வெள்ளையாக ஒன்று தெரிந்தது. “இதுதான் நிரந்தரப் பல்லு. இப்பதான் தலைப்பகுதி உருவாகுது. மேல்பூச்சு இன்னும் முடியல. மூணு வயசுக்குள்ள அடிபட்டாதான் இதுக்கு ஆபத்து ஜாஸ்தி. வெள்ளையாவோ மஞ்சளாவோ கறை வரலாம், பள்ளம் விழலாம், அபூர்வமா வளைஞ்சு போகலாம், லேட்டா முளைக்கலாம். ஒண்ணுமே ஆகாமலும் போகலாம். ஆறேழு வயசுல வெளில வந்தாதான் தெரியும்.”

“அஞ்சு வருஷமா?” என்றான் ஸ்டீபன்.

“அஞ்சு வருஷம்” என்றார் டாக்டர், ஏதோ அடுத்த வாரம் என்று சொல்வதைப் போல.

உள்ளே போன பல் என்றால் தொட வேண்டியதில்லை, தானாகவே மெல்ல இறங்கி வரும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம் என்றார். ஒரு வாரத்துக்குக் குழைந்த சாப்பாடு. பால் புட்டி, விரல் சூப்புவது கூடாது. எழுதிக் கொடுத்த மருந்தைப் பஞ்சில் நனைத்துக் காலையும் மாலையும் ஈறைத் துடைக்க வேண்டும். “பல்லு கருத்தா மட்டும் பயப்படாதீங்க, அது பாட்டுக்கு இருக்கலாம். ஆனா ஈறு வீங்கினாலோ, பரு மாதிரி கொப்புளம் வந்தாலோ, ஆட்டம் அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரணும். எதுவுமே இல்லேன்னாலும் ஒரு வாரத்துல கண்டிப்பா காட்டணும். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கல.”

படியிறங்கும்போதே ஸ்டீபன் ஆரம்பித்தான்.

“ஏன்டி பொய் சொன்ன? திரும்பப் போய் சொல்லிடலாம் வா.”

“போய் இன்னான்னு சொல்றது? எம் பொண்ணு பல்லை நானே கெடுத்துட்டேன்னா?”

“டாக்டருக்கு எதுக்கு மறைக்கிற? அவங்க இன்னா போலீஸா?”

“உனக்கு ஷிஃப்ட்டுக்கு டைம் ஆச்சு, கெளம்பு.”

என் மேல் வந்த கோபத்தையெல்லாம் அவன் மேல் கொட்டுவது எனக்கு எப்போதும் சுலபம். அவனும் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அன்றும் போனான்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிற நேரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நான் காலை ஷிஃப்ட் என்றால் அவன் மதியம். அவன் காலை என்றால் நான் மதியம். இடையில் ஒன்றரை மணி நேரம் குழந்தை நர்மதா அக்கா வீட்டில் இருப்பாள். கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் தூங்குவேன். ஒரு வாரத்தில் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அந்தத் திங்கட்கிழமை ஓவர்டைம் வந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நாளாவது போயிருக்கலாம். ஆள் பற்றாக்குறை, லோடு போகணும், சூப்பர்வைசர் முறைப்பார் என்று எனக்கு நானே அடுக்கிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், திரும்ப அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாரோ என்று பயம். ஸ்டீபன் தினமும் கேட்டான். நான் தினமும் நாளைக்கு என்றேன்.

தினமும் இரண்டு வேளை பஞ்சால் துடைத்தேன். அதில் மட்டும் குறை வைக்கவில்லை. பதினேழாம் நாள் காலையில் எஸ்தர் உதட்டைத் தொடவே விடவில்லை. ஸ்டீபன் வேலைக்குப் போயிருந்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அழ அழ உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பல்லுக்கு மேலே ஈறில், கடுகு அளவுக்கு மஞ்சளாக ஒரு கொப்புளம். நாள் முழுக்க மஞ்சள் புள்ளியைத் தேடுகிற கண் இது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தொட்டேன். பல் விரலோடு ஆடியது.

ஷிஃப்ட்டுக்குப் போகவில்லை. சொல்லவும் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கிளினிக் இன்னும் திறக்கவில்லை. மொபைல் கடைப் படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் காயத்ரி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன்.

“மேடம், பல்லு உள்ள போகல. கீழ விழுந்துடுச்சு. நான்தான் பால்ல கழுவி திரும்ப வெச்சேன். அழுத்தி வெச்சேன். கம்பெனியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உள்ள வாங்க” என்றார்.

மறுபடி முட்டியோடு முட்டி. மறுபடி எக்ஸ்ரே. மருந்து தடவி, மரத்துப்போக ஊசி போட்டு, நான் இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்க, பல்லை எடுத்தார். இரண்டு நொடிதான். “இந்த ஆட்டத்துக்குத் தூக்கத்துல கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம்” என்றார். அதுவரை எனக்கு அந்தப் பயம் கூடத் தோன்றியிருக்கவில்லை.

“முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன். விழுந்த பல்லு விழுந்ததாவே இருந்திருக்கும், குழி ஆறியிருக்கும். இப்போ பதினேழு நாள் அந்தப் பல்லு உள்ளயே இருந்து சீழ் பிடிச்சிருக்கு, உருவாகிட்டிருக்கிற பல்லுக்குப் பக்கத்துலயே.”

“அப்போ கெட்டுடுச்சா மேடம்?”

“தெரியாது ஷைனி. நிஜமாவே தெரியாது. முளைக்கட்டும்.”

பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். பிள்ளைகளின் பல்லைச் சிலர் ஆசையாக எடுத்து வைப்பார்கள் என்பதால் கேட்காமலேயே கொடுத்திருப்பார். எடுத்துக்கொண்டு வந்து, சர்டிபிகேட் இருந்த அதே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருந்ததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. காத்திருந்தோம். இரண்டு மாதத்தில் காட்டினோம், ஈறு ஆறியிருந்தது. ஆறு மாதத்தில் காட்டினோம். ஒரு வருஷத்தில் காட்ட வேண்டிய மாதம் ஊரடங்கு வந்துவிட்டது. அதே மாத ஆரம்பத்தில் கம்பெனியில் மறுபடி பாதுகாப்பு வாரம், மறுபடி அதே பிளாஸ்டிக் தாடை. நான் எழுந்து நின்றேன்.

“சார், பால் பல்லைத் திருப்பி வெக்கக் கூடாதுன்னும் சேத்து சொல்லுங்க.”

எங்கள் பாதுகாப்பு அதிகாரி அருணாச்சலம் சார் சிரித்தார். “ஏம்மா, நம்ம ஷாப் ஃப்ளோர்ல யாருக்கும்மா பால் பல்லு?”

எல்லோரும் சிரித்தார்கள். “ஊட்டுல இருக்குது சார்” என்றேன். “எல்லார் ஊட்டுலயும் இருக்குது.” சிரிப்பு நின்றது. அவர் நல்ல மனிதர். சுவரில் ஒட்டியிருந்த முதலுதவி அட்டையில், பேனாவால் அந்த வரியை அவரே எழுதினார். நான் மட்டும் அந்த வருஷத்தோடு பச்சைப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எஸ்தரைப் பற்றி என்னிடம் எல்லோரும் கேட்டார்கள். சர்ச்சில், பள்ளியில், பஸ் ஸ்டாப்பில், ஏன் பாப்பாவுக்கு ஒரு பல் இல்லை என்று. “ஓடினா, வுழுந்துட்டா” என்பேன். அது பொய் இல்லை. சுருக்கமான பதில், நின்று விளக்க வேண்டாம். ஓடினா, வுழுந்துட்டா. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், யார் எண்ணினார்கள். குழந்தை பக்கத்தில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் எங்காவது வேகமாகக் காலை எடுத்து வைத்தாலே, “ஓடாத!” என்று கத்துவேன். கத்திக் கத்தி, ஒரு கட்டத்தில் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற பெண்ணாக அவள் வளர்ந்தாள். விளையாட்டு தினத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஓட, இவள் மட்டும் கோட்டுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள் என்று டீச்சர் சொன்னபோது, சமர்த்து என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு வயதில் வலது முன்பல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று, குறையே சொல்ல முடியாத பல். இடது பக்கம் வெறும் ஈறு. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வளையவில்லை, நேராகத்தான் இருக்கிறது, சீக்கிரம் போன பால் பல்லுக்கு மேலே ஈறு தடித்துவிட்டதால் தாமதமாகலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். தினமும் காலையில் பள்ளிக்கு அனுப்பும் முன் அவள் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். அவளும் கன்றுக்குட்டி போல முகத்தை நிமிர்த்திக் காட்டுவாள். ஸ்டீபன், “அவ வாய் இன்னா உன் கம்பெனி மெஷினா?” என்பான். எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன செப்டம்பரில் அது முளைத்தது. முதலில் வெள்ளையாக ஒரு விளிம்பு. எட்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்பாடா என்று நினைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியபோது, நடுவில் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு கறை தெரிந்தது. அதன் நடுவே குண்டூசித் தலை அளவுக்குப் பள்ளம்.

விளக்கு மூடியாக இருந்திருந்தால் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனேன். இப்போது எஸ்தர் மடியில் படுக்கிற குழந்தை இல்லை. பெரிய நாற்காலியில் தானே ஏறிப் படுத்தாள். டாக்டர் காயத்ரிக்குக் காதோரம் நரைத்திருந்தது. உலர்த்திப் பார்த்தார், குச்சியால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

“மேல்பூச்சு அந்த இடத்துல சரியா உருவாகல. பல்லு உறுதியா இருக்கு, உயிரோட இருக்கு. இன்னும் முழுசா இறங்கட்டும், பல் நிறத்துலயே பூசி மறைச்சிடலாம். அந்த இடம் சொத்தை ஆகாம ரெண்டு வேளை நல்லா தேய்க்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். இதை விட மோசமா எவ்ளோ பார்த்திருக்கேன், ஷைனி.”

நான் ஐந்தரை வருஷம் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். “எதனால மேடம்? வுழுந்ததாலயா, நான் அழுத்துனதாலயா, இல்ல அந்தப் பதினேழு நாளாலயா?”

“எப்படிச் சொல்ல முடியும்? விழுந்த அடியிலயே ஆகியிருக்கலாம். திரும்ப வெச்சதால ஆகியிருக்கலாம். சீழால ஆகியிருக்கலாம். மூணும் சேர்ந்தும் இருக்கலாம். பல்லு அதையெல்லாம் எழுதி வைக்காது.”

மன்னிப்பு மாதிரிதான் சொன்னார். எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. எந்தக் காரணம் என்று தெரிந்தால் அழுதுவிட்டாவது போகலாம்.

அன்று டாக்டரிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பூமிகா என்ற பெண் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பழைய சீட்டு கிழிந்துவிட்டதாம். அவள் எஸ்தரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள். “பாப்பா, பல்லுல எப்படி அடிபட்டுச்சு?”

எஸ்தர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

“நான் ஓடினேன் அக்கா. வுழுந்துட்டேன். என் தப்புதான். ஓடாம இருந்திருந்தா பல்லு நல்லா இருந்திருக்கும். அதனாலதான் அம்மா டெய்லி பாக்குது, கஷ்டப்படுது.”

பூமிகா டைப் அடித்தாள். விசைகளின் சத்தம் கேட்டது. ‘காரணம்’ என்ற கட்டத்தை என் மகள் நிரப்பிவிட்டாள். ஐந்தரை வருஷமாக என் வாயிலிருந்து பொறுக்கி எடுத்த வார்த்தைகளால், தன் பெயரையே போட்டு நிரப்பிவிட்டாள்.

ஸ்டீபன் அங்கே இல்லை, அவன் மேல் எரிந்து விழ முடியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை.

“அதை அழிச்சிடும்மா” என்றேன் பூமிகாவிடம். நாற்காலிப் பக்கம் போய் எஸ்தருக்கு நேராகக் குனிந்தேன்.

“பாப்பா, வுழுந்தது மட்டும்தான் நீ. ரெண்டு வயசுப் புள்ளைங்கோ ஓடும், வுழும். அது தப்பு இல்ல. பல்லு கீழ வுழுந்துடுச்சு. அம்மா அதை எடுத்துத் திரும்ப உள்ள வெச்சு அழுத்துனேன். அப்படி வெக்கக் கூடாது. எனக்குத் தெரியல. அப்புறம் டாக்டர் கேட்டப்போ பயந்துகினு பொய் சொன்னேன். பதினேழு நாள் சொல்லாம இருந்தேன். அதுல உனக்குச் சீழு வெச்சுச்சு.”

எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“வலிச்சுச்சா எனக்கு?”

“வலிச்சுச்சு. ரொம்ப அழுத.”

“நீ பொய் சொன்னியா? டாக்டர்கிட்டயே?”

“ஆமா.”

அவள் திரும்பி டாக்டரைப் பார்த்தாள், சரிதானா என்று கேட்பதைப் போல. டாக்டர் தலையசைத்தார். அவள் யோசித்தாள். எதிர்காலத்தில் இதற்காக என்னை என்னவெல்லாம் கேட்பாளோ, எத்தனை வருஷம் கேட்பாளோ. கேட்கட்டும் என்று நின்றேன்.

“அப்போ நான் ஓடுனதால இல்லையா?”

“இல்ல கண்ணு.”

“அப்போ ஓடலாமா?”

கிளினிக்குக்கு வெளியே பன்னிரண்டு படி, அதற்குக் கீழே நடைபாதை, எல்லா இடத்திலும் சிமென்ட் விளிம்பு. ஒவ்வொன்றும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

“ஓடலாம்” என்றேன்.

படியில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பழக்கப்படி ஒவ்வொன்றாக இறங்கினாள். கீழே வந்ததும் கையை உருவிக்கொண்டாள். மொபைல் கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடைபாதை நேராகப் போகிறது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள். ஓடத் தெரியவில்லை. கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போனது, தோள்பட்டை காதுக்கு ஏறியது. இரண்டு இடத்தில் தடுக்கியது. “ஓடாத” என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.